தொண்ணூறில் எண்பத்தெட்டாவது நாள்

தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டால் என் கடையில் கேட்கும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் பேப்பர் நமத்துப்போகாமல் இருக்க உள்ளே குண்டு பல்பு எரியும் ஒரு மரப்பெட்டி, இவ்வளவுதான் கடை. நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரி. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழையும் அட்டையும் பழகிப்போயின. எஸ்டேட் ஜனங்கள் ஆபீஸ் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது மட்டும் இன்றுவரை பழகவில்லை. பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று வரும். "அது என்ன கோயிலாங்கறேன், செருப்பைப் போட்டுட்டுப் போ" என்று கடையிலிருந்தே கத்தியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள்.

எனக்கு நாக்கு நீளம் என்று ஊரில் பெயர். அந்த நாக்கு ஒருமுறை, நீள வேண்டிய இடத்தில் நீளாமல் வாய்க்குள்ளேயே கிடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கொழுந்து பறிக்கிற ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு இளையவள், என்னை அக்கா என்பாள். அவளுக்கு ஒரே மகள், பிளஸ் டூவில் நல்ல மார்க். செவிலியர் படிப்புக்கு அரசாங்க சீட் கிடைக்க வேண்டும் என்றால் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த இந்த மலையில் தமிழ்க் குடும்பங்களுக்கு அது லேசில் கிடைக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டுக்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் என்றால் நிலப் பத்திரம், வீட்டு வரி ரசீது. லயத்தில், கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில், நாலு தலைமுறையாகப் பிறந்து செத்தவர்களிடம் எந்த நிலத்தின் பத்திரம் இருக்கும்?

இவளுக்கு ஒரு வழி இருந்தது. அப்போது இருந்த வில்லேஜ் ஆபீசர் கொஞ்சம் மனுஷத்தன்மை உள்ளவர். நேரில் எஸ்டேட்டுக்குப் போய், பழைய ஆள் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, இவளுடைய தாத்தாவின் பெயர் ஐம்பதுக்கு முந்தைய பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, அறிக்கை எழுதித் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார். "எழுதிட்டேன், கவலைப்பட வேண்டாம்" என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறார். அப்புறம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த மழையில் எஸ்டேட் ஆபீஸ் கூரை ஒழுகி, பழைய பதிவேடுகள் ஊறிப் பூஞ்சை பிடித்து, அள்ளிக் கொட்டிவிட்டார்கள். தாத்தாவின் பெயர் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு அறிக்கையில்தான்.

தாலுகா ஆபீஸிலோ, "ஐம்பதுக்கு முன்னே ஆதாரம் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் ஒரு வரி தரவில்லை. எழுத்தில் தந்தால் அல்லவா அதை எதிர்த்துப் போக முடியும்.

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். நான்தான் மலையாளத்தில் டைப் செய்தேன். வில்லேஜ் ஆபீசரின் விசாரணை அறிக்கையின் நகல், அந்தக் கோப்பில் யார் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதன் நகல், இப்போது கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்ற விவரம். மூன்றே கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அங்கே தகவல் அதிகாரியாக இருந்த டெபுட்டி தாசில்தார் பெயருக்கு அவளே போய்க் கொடுத்தாள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை. தராவிட்டால் மறுத்ததாக அர்த்தம் என்று சட்டமே சொல்கிறது. அதன்மேல் முதல் மேல்முறையீடு, அதே கட்டிடத்தில் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் தாசில்தாருக்கு. பத்து எட்டு நடந்தால் போய்விடலாம். ஆனாலும் கையில் ரசீது இருக்கட்டும் என்று நான் அதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பச் சொன்னேன். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் தாசில்தார் முடிவு சொல்ல வேண்டும். காரணம் எழுதிவைத்தால் நாற்பத்தைந்து நாள்வரை இழுக்கலாம்.

அவர் காரணமும் எழுதவில்லை, முடிவும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. முப்பது நாள் முடிந்த வாரத்தில், தாலுகா ஆபீஸில் சான்றிதழ்க் கோப்புகளைப் பார்க்கிற செக்‌ஷன் கிளார்க் என் கடைக்கு ஏதோ நகல் எடுக்க வந்தார். நல்ல மனிதர்தான். ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் "டைப் செய்ய எதிரே சேச்சி கடைக்குப் போ" என்று அனுப்புகிறவர். என் கடை ஓடுவதே பாதி அவர் வாயால்தான்.

"சேச்சீ, ரெண்டாம் அப்பீலொன்னும் வேண்டா. கொறச்சு வெயிட் செய்தா சர்ட்டிபிக்கெட் தன்னே வரும்" என்றார். அடுத்த மேல்முறையீடு என்று தகவல் கமிஷனுக்கெல்லாம் போகாதே, கொஞ்சம் பொறுத்தால் சான்றிதழே வந்துவிடும் என்று அர்த்தம்.

"சரிங்க சார்" என்றேன். செருப்பைக் கழற்றுகிறவர்களைப் பார்த்துக் கத்துகிற நான், சரிங்க சார் என்றேன். அவள் வந்தபோது அதை அப்படியே அவளிடமும் சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்மா. அவிங்களே குடுத்தறேங்கறாங்க."

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்று போய்விட்டாள்.

பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நான் அவளைப் பார்க்கவில்லை. சீசன் கொழுந்து, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை. ஒருநாள் காலை, மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளோடு கடை வாசலில் வந்து நின்றாள். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள் என்றாலே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

"அட்மிசன் லிஸ்ட் போட்டுட்டாகக்கா. புள்ள பேரு பொதுவுல கெடக்கு, ரொம்பக் கீழ. கிடைக்காதுன்னுட்டாக. நேத்துலருந்து சாப்பிடல அவ."

அன்றுதான் நான் நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். தாசில்தார் முடிவு சொல்லியிருக்க வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். விரல் வைத்து இரண்டு முறை எண்ணினேன். அன்று எண்பத்தொன்றாவது நாள்.

இந்த வருஷ சீட் போனது போனதுதான். அடுத்த வருஷத்துக்காவது அறிக்கையின் நகல் கையில் இருந்தால், சான்றிதழ் மறுத்ததை எதிர்த்து மேலே போகலாம். "உட்காரு, இன்னிக்கே எழுதறோம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "அந்த அட்டையைக் குடு. தாசில்தார் ஆபீஸுல கையெழுத்துப் போட்ட அட்டை. அதோட நாம எழுதின அப்பீல் நகலும்."

அவள் பையைத் திறக்காமல் நின்றாள்.

"அது ஆபீசுல இருக்குக்கா."

"எந்த ஆபீஸுல?"

"தாலுகா ஆபீசுலதான். போன தடவ போனப்ப, அப்பீலே வரலியே, ஆதாரம் எங்கனு கேட்டாக. இந்தா இருக்குனு ரெண்டையும் குடுத்தேன். ஃபைலுல சேத்துக்கிறோம்னு வாங்கிக்கிட்டாக."

எனக்கு வந்த கோபத்தில் அவளை இரண்டு அறை அறைந்திருப்பேன். "கேட்டாக் குடுத்தர்றதா? காட்டிட்டு வாங்கிக்கோணும்னு தெரியாதா? எதிர்ல நான் ஒருத்தி ஜெராக்ஸ் மெஷினை வெச்சுட்டு உக்காந்திருக்கறனே!"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "ஆபீசுல கேட்டாகளேக்கா" என்றாள்.

அவளைத் திட்டி என்ன பயன்? எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். பிறப்புச் சீட்டு, பி.எஃப். புத்தகம், லயத்து வீட்டுச் சாவிக்கான தாள், எல்லாம் எஸ்டேட் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கும். ஆபீஸ் கேட்டால் அசலைக் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டில் வைத்தால் ஒழுகும், எலி கடிக்கும், ஆபீஸில் இருந்தால் பத்திரம். தலைமுறை தலைமுறையாக அப்படி நம்பி வாழ்ந்தவள், இந்த ஆபீஸையும் அந்த ஆபீஸ் போலத்தான் நினைத்துவிட்டாள். பத்திரமாக இருந்த அந்த அலமாரியிலிருந்துதான் தாத்தாவின் பெயரை அள்ளிக் குப்பையில் கொட்டினார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

முடிவே எடுக்காத ஒருவர்மேல் மேல்முறையீடு எழுதுவது விசித்திரமான வேலை. முடிவு என்று ஒன்று இருந்தால் அதன் எண்ணை எழுதி, நகலை வைத்து, இது தவறு என்று வாதாடலாம். இங்கே வாதாட எதுவும் இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு, அவர் கையில் நாம் கொடுத்தோம், அவர் வாங்கினார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"தபாலாபீஸுல ஒரு சின்னச் சீட்டு குடுத்திருப்பாங்களே, அதாவது இருக்குதா?"

ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்தாள். அவ்வளவும் வெளிறிப்போயிருந்தது. அந்த மாதிரிச் சீட்டில் எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நிழலாக ஏதோ தெரிந்தது. மெஷினில் வைத்து, கறுப்பை முழுக்கக் கூட்டி, பெரிதாக்கி, ஏழெட்டுத் தாளை வீணாக்கிய பிறகு எண் பிடிபட்டது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று மட்டும் தெரியவில்லை. என் தொழிலில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே நாள் அது.

இணையத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் எட்டுக்கும் விவரம் இல்லை என்றது. நாளாகிவிட்டால் காட்டாது. தபால் நிலையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போஸ்ட்மாஸ்டராக இருந்த அம்மா எஸ்டேட்டில் பிறந்து படித்து வந்தவர். "எழுதிக் குடுங்க, பார்க்கிறேன்" என்றார். அவர் தேடி, எங்கள் தபால் எந்த நாளில் தாலுகா ஆபீஸில் கொடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தருவதற்குள், நடுவில் ஞாயிறும் ஒரு விடுமுறையும் வந்து, எண்பத்தாறாவது நாள் ஆகிவிட்டது. இலக்கம் எட்டு.

எழுதத் தொடங்கினோம். அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆணையத்துக்கு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. மேல்முறையீடு செய்கிறவர் பெயர், விலாசம். தகவல் அதிகாரி யார், முதல் மேல்முறையீட்டு அதிகாரி யார். மனுவின் தேதி. நடந்ததைச் சுருக்கமாக. என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம். இணைப்புகளின் பட்டியல். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். அந்த உறுதிமொழி இருப்பதால், நான் மலையாளத்தில் டைப் செய்த ஒவ்வொரு வரியையும் தமிழில் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். தெரியாததில் கையெழுத்து வாங்கிப் பழக்கம் இல்லை.

'முதல் மேல்முறையீட்டு அதிகாரி இன்றுவரை எந்த முடிவும் எடுக்கவில்லை' என்ற வரி வந்தது. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இது வேண்டாம்க்கா. தாசில்தார் மேல குத்தம் சொல்ற மாதிரி இருக்கு."

"குத்தமில்ல. நடந்தது."

"மழையில நின்னப்ப அவுகதான் உள்ள வந்து உக்காரச் சொன்னாக. நல்ல மனுசன்க்கா. அவுக கோவிச்சுக்கிட்டா நாளைக்கு சர்ட்டிபிக்கட்டுல கையெழுத்து யாரு போடுவா?"

அவள் கேட்டது நியாயம்தான். கையெழுத்துப் போட வேண்டியவர்மேலேயே எழுத வேண்டியிருக்கிறது. "அவரு உக்காரச் சொன்னாரு, செரி. நாலு வரி எழுதறதுக்கு அவரு உக்காரலியே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எழுதுங்கக்கா. புள்ளைக்கு ஆவணும்" என்று உட்கார்ந்தாள்.

பக்கத்து ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்து, புகார் என்று தலைப்பிடு, அப்போதுதான் பயப்படுவார்கள் என்றார். யோசனை சொல்ல யாரும் காசு கேட்பதில்லையே. புகார் என்று போனால் ஆணையம் அபராதம் பற்றி யோசிக்கலாம். ஆனால் தாளைக் கொடு என்று அதில் உத்தரவிட முடியாது. எங்களுக்கு வேண்டியது தாள். அதனால் பிரிவு பத்தொன்பது மூன்றின்கீழ் மேல்முறையீடு என்றே தலைப்பிட்டேன். அபராதத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது பதில் தராத தகவல் அதிகாரிக்குத்தான். மேல்முறையீட்டை வாங்கி மேஜைக்குள் வைத்துத் தூங்கியவருக்குச் சட்டத்தில் அபராதமே இல்லை. அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

அடுத்தது முதல் மேல்முறையீட்டின் நகல். என் கம்ப்யூட்டரில் வாசகம் இருந்தது, கையெழுத்து இல்லை. ஸ்டுடியோக்காரர் அதற்கும் யோசனை வைத்திருந்தார். பழைய தேதி போட்டு இன்று கையெழுத்து வாங்கிவிடு, யாருக்குத் தெரியும். எனக்கும் ஒரு நொடி சபலம் தட்டியது. வேண்டாம் என்று விட்டேன். 'என்னிடமிருந்த கையெழுத்திட்ட நகலையும் ஒப்புகை அட்டையையும் தாலுகா அலுவலக ஊழியர் கேட்டதால் கொடுத்துவிட்டேன், திரும்பத் தரப்படவில்லை, இத்துடன் இருப்பது அதே வாசகத்தின் கணினிப் பிரதி, அசலை அந்த அலுவலகத்திலிருந்து வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன்' என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். தபால் நிலையத் தாளை அதன்பின் வைத்தேன்.

ஊழியர் என்று டைப் செய்தபோது என் விரல் கொஞ்சம் நின்றது. அந்த ஊழியர் அதே கிளார்க்தான் என்று எனக்குத் தெரியும். அவருடைய பெயரை எழுதவில்லை. அது கருணையா, கடை போய்விடுமோ என்ற பயமா என்று என்னையே கேட்டால், பயம்தான்.

தாமதத்துக்கு ஒரு பத்தி தனியாகச் சேர்த்தேன். மலையிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் தொண்ணூறு தாண்டிவிட்டால், தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. காரணம் எழுத வேண்டும். சான்றிதழ் வந்துவிடும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை நம்பிக் காத்திருந்தேன் என்று அவள் பெயரில் எழுதினேன். அதைத் தமிழில் அவளுக்குப் படித்துச் சொன்னபோது, "ஆமாக்கா, நீங்க சொன்னீங்கள்ல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்திக்கொண்டாள், அவ்வளவே. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெஷினுக்குத் தாள் வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கடைசியாக, என்ன வேண்டும் என்ற பத்தி. "இங்க உனக்கு என்ன வேணும்னு எழுதோணும். சொல்லு" என்றேன்.

"எங்க தாத்தா பேரு அதுல இருக்கா இல்லியான்னு சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவால்ல. இல்லைன்னு சொல்லிரச் சொல்லுங்க."

அதை அப்படியே எழுத முடியாது. கேட்ட மூன்று தகவலையும் கட்டணம் இல்லாமல் உடனே தர உத்தரவிட வேண்டும், காலதாமதத்துக்குத் தகவல் அதிகாரிமேல் அபராதம் பற்றி ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்று முறையாக எழுதினேன். அபராத வரியைச் சொன்னதும் அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் யாரும் கோப்பைத் தேடவே மாட்டார்கள் என்றேன். ஒவ்வொரு நகலிலும் அவள் தமிழில், எழுத்துக்கூட்டி, முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றுக்கும் ஒரு முழு நகல் எடுத்து ஒரு நீல ஃபைலில் போட்டுக் கொடுத்து, "இதை எவன் கேட்டாலும் குடுக்காதே. அசலைக் குடுக்கோணும்னா, இன்னின்னது வாங்கிக்கிட்டேன்னு எழுதி சீல் வெச்சுத் தரச் சொல்லு. சீல் இல்லாம ஒரு துண்டுத் தாள் உன் கையை விட்டுப் போகக் கூடாது" என்றேன்.

எண்பத்தெட்டாவது நாள் விரைவுத் தபாலில் போனது. தபால் நிலையப் படியில் அவள் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாளோ.

அடுத்த வாரத்திலிருந்து எதிரே இருந்து வரும் ஆட்கள் குறைந்தார்கள். செக்‌ஷன் கிளார்க் இப்போது பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்த்தால் சிரிப்பார், நிற்க மாட்டார்.

இரண்டரை மாதம் கழித்து ஆணையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மேல்முறையீடு பதிவு செய்யப்பட்டது, எண் இன்னது. அந்தத் தாளை அவள் மகளோடு வந்து காட்டினாள். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து தின்ன ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிவந்திருந்தாள். எண் வந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியது என்று நானும் நம்பினேன். அப்புறம் ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒருமுறை நான் ஆணையத்துக்கு ஃபோன் போடுவேன். "வரிசையில் இருக்கிறது" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல முடியாது என்பார்கள். அந்த வரிசையில் எத்தனை தாத்தாக்கள் நிற்கிறார்களோ தெரியாது. அடுத்த அட்மிஷன் வந்தது, போனது. மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் சில மாதம் நின்றாள். பஸ் கட்டணத்துக்கே சரியாகப் போகிறது என்று விட்டுவிட்டாள். அதற்கடுத்த அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அம்மா கையில் அதே நீல ஃபைல். ஆணையத்திலிருந்து நாள் குறித்து வந்துவிட்டதாக்கும் என்று நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன்.

"இல்லக்கா. இது வேற" என்றாள். "எஸ்டேட்டுல டெம்பரரி ஆள் எடுக்குறாக. புள்ளையச் சேக்கப் போறேன். சர்ட்டிபிக்கட்டு ஒரிஜினல் எல்லாம் ஆபீசுல குடுக்கணுமாம். முதல்ல எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி எடுங்க. அப்புறம் ஒரு தாள் டைப் பண்ணணும், நான் சொல்றேன்."

சொன்னாள். கீழே கண்டவற்றை அசலாகப் பெற்றுக்கொண்டோம். ஒன்று, ஆதார். இரண்டு, பிறப்புச் சான்றிதழ். மூன்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். தேதி, கையெழுத்து, முத்திரை. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், ஒன்றும் விட்டுப்போகவில்லை. டைப் செய்யும்போது மூன்றாவதைத் தப்பாக அடித்துத் திருத்தினேன். வாசலில் நின்ற பெண் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குமேல் அவள் மட்டும் எஸ்டேட் ஆபீஸிலிருந்து நேராகத் திரும்பிவந்தாள். நனைந்திருந்தாள், தாள் மட்டும் நனையாமல் ரவிக்கைக்குள் இருந்தது. எடுத்து என் மேஜையில் விரித்தாள். நீல மையில் வட்ட முத்திரை, பக்கத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து, தேதி.

"மொதல்ல மாட்டேன்னாக. நான் நகரலியே. சீல் வாங்கிட்டேன்க்கா" என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நல்லா செஞ்சேம்மா என்றேன். அந்தத் தாளுக்கும் ஒரு நகல் எடுத்து, ஆணையம் கொடுத்த எண்ணுக்குப் பின்னால் ஃபைலில் வைத்தேன். மகளுக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை.